காய்ச்சல் போன பிறகு கொட்டும் முடி

கேள்வி: டெங்கு வந்து குணமாகி மூன்று மாதம் ஆகிறது. இப்போது தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. படுத்திருந்தபோது கொட்டாத முடி இப்போது ஏன் கொட்டுகிறது? எப்போது நிற்கும்?

பதில்:

இப்போது விழும் முடிகள் வளர்ச்சியை நிறுத்தியது நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்த நாட்களில்தான். தலையிலுள்ள ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகளில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும்; மீதி ஒரு பங்கு வளர்ச்சி நின்று, மூன்று மாதம் போல வேருக்குள் ஓய்வாக இருந்து, அடியில் புதிய முடி முளைக்கும்போது கழன்று விழும். கடும் காய்ச்சல் வந்தால், வளர வேண்டிய முடிகளில் பலவும் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வில் இருப்பவை பத்தாயிரம் என்றால் நாளொன்றுக்கு நூறு முடி விழும். அதுவே முப்பதாயிரம் ஆகிவிட்டால் முந்நூறு விழும்.

எனக்கு அக்டோபரில் டைஃபாய்டு வந்தது. தை பிறந்ததும் தலையணை உறையெல்லாம் முடி. மூன்று எண்ணெய்களை மாற்றினேன். ஜூன் மாதம் தானாக நின்றபோது கையில் இருந்த மூன்றாவது எண்ணெய்க்குத்தான் வீட்டில் நற்பெயர் கிடைத்தது. பெரும்பாலும் இந்த உதிர்தல் மூன்று முதல் ஆறு மாதங்களில் அடங்கிவிடும்.

பிரசவத்துக்குப் பிறகு நடப்பதும் இதே போன்றதுதான், ஆனால் காரணம் வேறு. கர்ப்ப காலத்தில் மிகுந்திருக்கும் ஈஸ்ட்ரோஜன், உதிர வேண்டிய முடிகளையும் வளரும் நிலையிலேயே நிறுத்தி வைக்கிறது. பிரசவத்தோடு அது இறங்கியதும் அவை ஒன்றாக ஓய்வுக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதங்களில் கொட்டத் தொடங்குகின்றன. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று பாட்டிமார் சொல்வது காலக்கணக்கில் சரி. பழியைத்தான் பாவம் குழந்தையின் மேல் போட்டுவிட்டார்கள். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலானோருக்கு இது சரியாகிவிடும்.

விழுந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பாருங்கள். வேர்ப்பக்க நுனியில் குண்டூசித் தலை போலச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது ஓய்வு முடிந்து விழுந்த முடி. குமிழ் ஏதும் இல்லாமல் நடுவில் ஒடிந்திருந்தால் கதை வேறு. அதேபோல வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோலில் அரிப்பும் செதிலும் இருந்தாலோ, வகிடு மட்டும் அகன்றுகொண்டே போனாலோ, ஆறு மாதம் கடந்தும் நிற்காவிட்டாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய இரத்தப் பரிசோதனைகளை அவர் எழுதித் தரக்கூடும். பிரசவித்த பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் இதோடு சேர்ந்துகொள்வது உண்டு.

உதிர்தல் நின்ற உடனே பின்னல் பருத்துவிடாது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். ஆதலால் முதலில் நெற்றியோரத்தில் படியாமல் நிமிர்ந்து நிற்கும் குட்டை முடிகளைத்தான் காண்பீர்கள்.