பேத்தி போனில் அழிந்த வீடியோ, தாத்தா போனில் ஏன் இருக்கிறது?

கேள்வி: நேற்று மாலை வீட்டு விழாவில் நான் ஆடியபோது வேட்டி நழுவியதைப் பேத்தி படமெடுத்து, குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டாள். அழிக்கச் சொன்னேன். "அழிச்சாச்சு தாத்தா" என்று தன் போனைக் காட்டுகிறாள், அதில் இல்லை. என் போனில் இன்னும் ஓடுகிறது. என்ன செய்வது?

பதில்: உங்கள் பேத்தி பொய் சொல்லவில்லை. அழிக்கும்போது தோன்றும் இரண்டு தேர்வுகளில் Delete for everyone என்பதற்குப் பதிலாக Delete for me என்பதைத் தொட்டிருக்கிறார். முதலாவது குழுவில் உள்ள எல்லோரிடமிருந்தும் நீக்கும். இரண்டாவது அவருடைய போனிலிருந்து மட்டும் நீக்கும். தொட்டவுடன் சில நொடிகள் திரையின் அடியில் வரும் Undo என்பதை அழுத்தியிருந்தால் மீட்டிருக்கலாம். இப்போது அந்தப் பதிவே அவரிடம் இல்லாததால், அவர் போனிலிருந்து அதை எல்லோருக்கும் நீக்க வழியில்லை.

ஆனால் குழுவின் அட்மின், பிறர் போட்ட பதிவையும் எல்லோருக்குமாக நீக்கலாம். பேத்தியே அட்மின் என்றால், குழுவின் விவரப் பக்கத்தில் உங்கள் பெயரைத் தொட்டு Make group admin என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பிறகு உங்கள் போனில் அந்த வீடியோவை விரலால் அழுத்திப் பிடித்து, மேலே வரும் குப்பைத்தொட்டிக் குறியைத் தொட்டு, Delete for everyone என்பதைத் தேர்ந்தெடுங்கள். (ஐபோனில் அழுத்திப் பிடித்ததும் வரும் பட்டியலில் Delete இருக்கும்.) வேறொருவர் அட்மினாக இருந்தால் அவரையே செய்யச் சொல்லலாம். இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகவே வாட்ஸாப் அவகாசம் தருகிறது என்பதால் இன்றே முடித்துவிடுங்கள். வீடியோ இருந்த இடத்தில், அட்மின் நீக்கினார் என்ற அறிவிப்பு உங்கள் போனிலும் பேத்தி அல்லாத மற்றொருவர் போனிலும் தெரிந்தால் வேலை முடிந்தது.

இதற்கும் எல்லை உண்டு. யாராவது வேறு குழுவுக்கு அனுப்பியிருந்தால் அது தனிப் பதிவு. இங்கே நீக்கினாலும் அங்கே நிற்கும், Forwarded என்ற குறியோடு. அதை அனுப்பியவரோ அந்தக் குழுவின் அட்மினோதான் நீக்க முடியும். ஐபோன் வைத்திருப்பவர்களின் Photos தொகுப்பில் வீடியோ சேமிக்கப்பட்டிருந்தால் அந்தப் பிரதியும் அப்படியே இருக்கும்.

ஆகவே, அனுப்பியிருக்கக் கூடியவர் என்று நீங்கள் நினைக்கும் உறவினர்களிடம் பேத்தியைத் தனித்தனியாகப் பேசச் சொல்லுங்கள். "யாரும் பார்க்காதீர்கள்" என்று குழுவில் எழுதினால், இதுவரை கவனிக்காமல் இருந்த சித்தப்பாக்களும் தேட ஆரம்பிப்பார்கள்.