கூட்டு எண்ணெய்க் கணக்கு

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் எட்டு வீடுகளுக்குச் சேர்த்துக் காங்கேயத்திலிருந்து மரச்செக்குக் கடலை எண்ணெய் வரவழைக்கிறேன். கூலியைச் சமமாகப் பிரித்தால் இரண்டு லிட்டர் வாங்குபவர் முகம் சுளிக்கிறார். யார் பணம் தந்தார்கள் என்பதும் குழம்புகிறது. ஒவ்வொரு முறையும் என் கைக்காசு போகிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, சென்னை

பதில்: முகம் சுளிப்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நீங்கள் ஒரே கூலியாகப் பார்ப்பது உண்மையில் இரண்டு கூலி. பார்சல் அலுவலகம் எடைக்குத் தக்கபடி வாங்குகிறது. அங்கிருந்து வீட்டுக்கு வரும் ஆட்டோவோ ஒரு நடைக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. ஆகவே முதலாவதை லிட்டர் கணக்கிலும், இரண்டாவதை வீட்டுக் கணக்கிலும் பிரியுங்கள். மொத்தம் 40 லிட்டர், பார்சல் கூலி 400 ரூபாய், ஆட்டோ 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 ரூபாய், வீட்டுக்கு 30 ரூபாய் என்றாகிறது. இரண்டு லிட்டர் வாங்கியவர் 50 ரூபாயும், பத்து லிட்டர் வாங்கியவர் 130 ரூபாயும் தருவார்கள். சமமாகப் பிரித்திருந்தால் இருவருமே 80 ரூபாய் தந்திருப்பார்கள்.

கைக்காசு போவதற்குக் காரணம், பெரும்பாலும், எண்ணெய் விலையை முன்னரும் கூலியைப் பின்னரும் வாங்குவதுதான். வீட்டுக்கு எண்ணெய் வந்து சேர்ந்த பிறகு ஐம்பது ரூபாயை நினைவு வைத்துத் தருபவர்கள் குறைவு. நமக்கும் அதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அதனால் கூலியைச் சற்றுக் கூடுதலாக மதிப்பிட்டு, லிட்டருக்கு 15 ரூபாய், வீட்டுக்கு 40 ரூபாய் என விலையோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். லிட்டர் 300 ரூபாய் என்றால் இரண்டு லிட்டர் வாங்குபவர் 670 ரூபாய் தருவார். பார்சல் ரசீது கைக்கு வந்ததும் அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிட்டு, அவர் பங்குக் கூலி மேலே சொன்ன 50 ரூபாய்தான் என்றால், அவருக்கு மீதி 20 ரூபாயைத் திருப்பி அனுப்புங்கள்.

வரவு எழுதும் நோட்டில் பெயரை நம்பாதீர்கள், கதவு எண்ணை எழுதுங்கள். மூன்றாவது மாடி அம்மா பேரில் ஆர்டர் இருக்கும், பணம் வெளியூரில் இருக்கும் மகன் கணக்கிலிருந்து வரும். பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது. அனுப்பும்போதே குறிப்பில் கதவு எண்ணைப் போடச் சொல்லுங்கள். அனுப்பியதற்கான படத்தைக் காட்டினாலும், உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே நோட்டில் தேதியும் பரிவர்த்தனை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும் ஏறட்டும். ரொக்கமாகத் தந்தால், தருபவர் கண்ணெதிரிலேயே எழுதிவிடுங்கள்.

பட்டியலை மூடும் நாளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று மாலைக்குள் பணம் வராத வீட்டுக்கு இந்த முறை எண்ணெய் இல்லை. செக்குக்காரருக்குச் சொல்லிவிட்ட பிறகு யாராவது விலகினால், அந்த எண்ணெயை வேறொருவர் எடுத்துக்கொள்ளும் வரை தொகையைத் திருப்பித் தர வேண்டாம். ஒரு வீட்டின் டின் ஒழுகி வந்தால் நட்டத்தை அந்த வீட்டின் தலையில் கட்டாமல் லிட்டர் கணக்கில் எல்லோரும் பகிர்வது என்பதையும் பணம் வாங்கும் முன்பே குழுவில் எழுதி, எட்டு வீட்டாரின் சம்மதத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.