ஜனவரி 31ல எடுத்த பிரிட்ஜுக்கு பெப்ரவரித் தவணை எங்க போச்சு?

கேள்வி: சேர், கல்முனையில வாப்பாட கடை, பிரிட்ஜ், வோஷிங் மெஷின் எல்லாம் தவணைக்குக் குடுக்கிறம். தவணைத் தேதி போட கூகுள் ஷீட்டுல நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினன். ஜனவரி 31 சாமான் எடுத்த ஒரு ராத்தாக்கு பெப்ரவரியில தவணையே விழல்ல, மார்ச்சில ரெண்டு விழுந்திருக்கு. பிந்தின காசு எண்டு 500 ரூபாயும் எடுத்துட்டம், அவ கடையில வந்து ஏசிட்டுப் போறா. ஸ்கிரிப்ட்ட என்ன செய்யிற, அந்த 500ஐ என்ன செய்யிற?

பதில்: 500ஐ முதல்ல திருப்பிக் குடுங்க தம்பி, ஸ்கிரிப்ட்ட மறுகா பாப்பம். பெப்ரவரிக்கு அவட கார்டுல தேதியே இல்ல, தேதி சொல்லாத தவணைக்கு எப்பிடிப் பிந்துற? ஆனா ஒண்டு, பெப்ரவரித் தவணை அவ கட்ட வேண்டியதுதான், அத விடச் சொல்லி நான் சொல்லல்ல. மொத்தம் 12 தவணை, 12ம் வரத்தான் வேணும், உங்கட ஸ்கிரிப்ட் சல்லியில பிழை விடல்ல, தேதியிலதான் விட்டிருக்கு.

நீங்க அனுப்பின ஸ்கிரிப்ட்டுல விஷயம் இந்த ரெண்டு வரியிலதான் கிடக்கு:

```
var d = new Date(start);
d.setMonth(d.getMonth() + i);
```

`setMonth` மாசத்த மட்டும்தான் மாத்தும், நாளைத் தொடாது. ஜனவரி 31ல ஒரு மாசம் கூட்டினா அதுக்கு வாறது பெப்ரவரி 31. அப்பிடி ஒரு நாள் இல்லையெண்டு அது நிண்டுட்டா கூட நல்லம், நமக்குத் தெரிஞ்சிருக்கும், ஆனா இது நிக்காது, பெப்ரவரி 28க்குப் பிறகு மூண்டு நாள் எண்ணி மார்ச் 3 எண்டு எழுதிட்டு சத்தம் இல்லாமப் போயிரும். அந்த ராத்தாட கணக்க 2026 ஜனவரி 31ல இருந்து நான் போட்டுப் பாத்தன். முதலாவது மார்ச் 3, ரெண்டாவது மார்ச் 31, மூண்டாவது மே 1, நாலாவது மே 31, அஞ்சாவது ஜூலை 1, மறுகா ஜூலை 31, ஓகஸ்ட் 31, ஒக்டோபர் 1, ஒக்டோபர் 31, டிசெம்பர் 1, டிசெம்பர் 31, கடைசி 2027 ஜனவரி 31. பாருங்க, கடைசித் தேதி அச்சாவா சரி! அதனாலதான் கடைசி வரிய மட்டும் பாத்து செக் பண்ணின உங்களுக்குப் பிடிபடல்ல. நடுவுல பெப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டெம்பர், நொவெம்பர் அஞ்சு மாசமும் வெறுமையாக் கிடக்கு, அதுக்குப் பதிலா மார்ச், மே, ஜூலை, ஒக்டோபர், டிசெம்பர் ஒவ்வொண்டுலயும் ரெண்டு ரெண்டு. மார்ச்சோட இது முடியாது, இப்ப திருத்தாட்டி மே மாசமும் அவ வந்து ஏசுவா.

இத வாசிச்சிட்டு நிறையப் பேர் செய்யிற வேலை என்னெண்டா, மாசக் கடைசிக்கு மேல போனா கடைசி நாளுக்கு இழுத்துவை எண்டு ஒரு வரி சேர்த்துட்டு, ஒவ்வொரு தவணையையும் முந்தின தவணையில இருந்து கூட்டிக்கொண்டு போறது. அது வேற பிழை. ஜனவரி 31 பெப்ரவரி 28 ஆகும், சரி, அடுத்தது அந்த 28ல இருந்து கூட்டுறதால மார்ச் 28, ஏப்ரல் 28, இப்பிடியே போய் கடைசித் தவணை ஜனவரி 28ல முடியும். ஒருக்கா பெப்ரவரியத் தாண்டினா 31 எண்ட விஷயமே அதுக்கு மறந்து போயிரும்.

இதுல நானே அடிபட்டவன். கன வருஷத்துக்கு முதல் மட்டக்களப்புல நான் கடன் பாத்த ஒரு இடத்துல ஷீட்டுல மேல் செல்லப் பாத்துக் கீழ் செல் கூட்டுற மாதிரித்தான் போட்டிருந்தம். ஒரு ஓட்டோக்காரர், ஸ்கூல் வேன் மாதிரி மாசக் கணக்குல புள்ளைகள ஏத்துறவர், அவருக்குக் காசு கையில வாறதே 30, 31ல, அதுக்காகத்தான் 31ல தேதி கேட்டு எடுத்தவர். மார்ச்சில இருந்து ஒவ்வொரு மாசமும் ரெண்டு மூண்டு நாள் பிந்தினார் எண்டு பிந்தின காசு விழுந்துகொண்டே இருந்தது. 28 எண்டுறது பாக்க ஒழுங்கான தேதி, ஒருத்தருக்கும் சந்தேகம் வரல்ல, அந்த மனிசனும் நாலு மாசம் வாய் திறக்காமக் கட்டினார். நான்தான் பழைய ஒப்பந்தத்த எடுத்துப் பாத்து முழிச்சன்.

அதால ரெண்டு விஷயமும் சேர்ந்து வேணும்: எப்பவும் முதல் தேதியில இருந்து கூட்டணும், கூட்டின மாசத்துல அந்த நாள் இல்லாட்டி அந்த மாசத்துக் கடைசி நாளுக்கு வரணும்.

```
function addMonths(start, n) {
  var y = start.getFullYear();
  var m = start.getMonth() + n;
  var last = new Date(y, m + 1, 0).getDate();
  return new Date(y, m, Math.min(start.getDate(), last));
}
```

`var last` எண்டு தொடங்குற வரிதான் இதுல கைவேலை. அடுத்த மாசத்துட 0ஆம் நாள் எண்டா அது இந்த மாசத்துக் கடைசி நாள், அந்த வழியில 28ஆ 29ஆ 30ஆ எண்டு கொம்பியூட்டரே சொல்லும், லீப் வருஷத்துக்கு நீங்க தனியா ஒண்டும் எழுதத் தேவையில்ல. பிறகு 31, 28 ரெண்டுல சின்னத எடுக்குது, அவ்வளவுதான். மாசம் 12ஐத் தாண்டினா அடுத்த வருஷத்துக்கு அதுவே போகும். ஸ்கிரிப்ட்டுல ஜனவரி 0 எண்டதையும் மறக்கவேணாம், `new Date(2026, 0, 31)` குடுத்து 1 மாசம் கூட்டிப் பாருங்க, பெப்ரவரி 28 வரணும், 2 கூட்டினா மார்ச் 31 வரணும், 28 வந்தா நீங்க இன்னும் முந்தின தேதியில இருந்துதான் கூட்டுறீங்க. 2028 ஜனவரி 31 குடுத்தா பெப்ரவரி 29.

சும்மா சொல்லப்போனா இந்த வேலைக்கு ஸ்கிரிப்ட்டே தேவையில்ல தம்பி. B2ல சாமான் எடுத்த தேதி, C2ல எத்தனையாவது தவணை எண்டு இருந்தா `=EDATE(B2, C2)` இதே வேலையச் செய்யும், 46081 மாதிரி ஒரு நம்பர் வந்தா பயப்படவேணாம், செல்லுட போமட்ட தேதியா மாத்தினா சரி. ஆனா D2ல வந்த தேதிய வெச்சு D3ல `=EDATE(D2, 1)` எண்டு போட்டீங்களோ, எங்கட ஓட்டோக்காரருக்கு நடந்ததுதான்.

இனி கொம்பியூட்டர் தீர்க்கேலாத ஒண்டு இருக்கு. ஏப்ரல் 30ல ஒருத்தர் சாமான் எடுத்தா அவருக்கு ஒவ்வொரு மாசமும் 30ஆ, இல்ல மாசக் கடைசியா? மேல சொன்ன கணக்கு மே 30 எண்டுதான் சொல்லும். மாசக் கடைசி எண்டு நீங்க பேசியிருந்தா அது பிழை, அதுக்கு `=EOMONTH(B2, C2)` போடணும், அது மே 31 தரும். பெப்ரவரி 28ல எடுத்தவருக்கு இன்னும் மோசம், ஒரு கணக்குல மார்ச் 28, மற்றதுல மார்ச் 31. ரெண்டும் நியாயம்தான், ஆனா ஒப்பந்தத் தாளுல ஒண்ட எழுதியிருக்கணும், எழுதாட்டி சண்டை வாற நாளுல ஆளுக்கொரு கணக்கு சொல்லுவாங்க. என்னக் கேட்டா புதுசா எடுக்கிறவங்களுக்கு 1ல இருந்து 28க்குள்ள ஒரு தேதிய அவங்கட்டயே கேட்டு எழுதிருங்க, சம்பளக்காரருக்கு சம்பளத்துக்கு அடுத்த நாள் மாதிரி. (வெள்ளாமைக்காரருக்கு மாசத் தவணையே பொருந்தாது, வெட்டு முடிஞ்சு நெல்லு வித்தாத்தான் சல்லி, அது வேற கதை.) ஞாயிறோ போயாவோ வந்து தேதியத் தள்ளுறதெண்டா தள்ளின தேதிய வேற நிரல்ல வைங்க, அதுல இருந்து அடுத்த மாசத்தக் கூட்டப்போனா அதுவும் இதே மாதிரி நழுவும்.

உங்கட வட்டி மொத்தமா முதலிலேயே ஏத்தினதால தேதி பிசகினாலும் தவணைத் தொகை மாறல்ல. நாள் கணக்குல வட்டி எடுக்கிறவங்களுக்கு அப்பிடி இல்ல. 100,000 ரூபா வருஷத்துக்கு 24 வீதம் எண்டா ஜனவரி 31ல இருந்து பெப்ரவரி 28க்கு 28 நாள், வட்டி 1,841 ரூபா. மார்ச் 3 எண்டு போட்டா 31 நாள், 2,038 ரூபா. ஒரு ஆளுட முதல் தவணையிலயே கிட்டத்தட்ட 197 ரூபா, ஸ்கிரிப்ட் வைச்ச செலவு.

மற்றக் கஸ்டமர்கள்ல யாருக்கு இது நடந்திருக்கு எண்டு பாக்க எல்லாரையும் கிண்டத் தேவையில்ல, எடுத்த நாள் 29, 30, 31 ஆன ஆக்கள் மட்டும்தான். ஆனா 30ல எடுத்தவங்களுக்கு பெப்ரவரியில மட்டும்தான் உடையும், 2026 மார்ச் 30ல ஒருத்தர் எடுத்தார் எண்டு வைங்க, பத்துத் தவணை அழகா ஓடி பதினொராவது 2027 மார்ச் 2ல போய் விழும், அதால இப்ப கார்டு சரியாத்தானே இருக்கு எண்டு விட்டுராதீங்க. தவணைத் தேதி D நிரல்ல இருந்தா E2ல `=YEAR(D2)*100+MONTH(D2)` போடுங்க, F2ல `=COUNTIFS(A:A,A2,E:E,E2)`, A நிரல் கஸ்டமர் நம்பர். ரெண்டையும் கீழ வரை இழுத்துட்டா, F நிரல்ல 2 வந்த இடமெல்லாம் ஒரே மாசத்துல ரெண்டு தவணை. 28க்கு நழுவின வகையை இது பிடிக்காது, அதுக்கு எடுத்த தேதியையும் கடைசித் தேதியையும் பக்கத்துல வெச்சுக் கண்ணால பாக்கத்தான் வேணும்.

இன்னொண்டு, ஷீட்டுக்கு ஒரு டைம் சோன், ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு டைம் சோன், ரெண்டும் வேற வேற செட்டிங். ஸ்கிரிப்ட் அமெரிக்க நேரத்துல கிடந்தா நம்மட 31 நடுச்சாமம் அங்க 30 பகல், முழுக் கார்டும் 30 எண்டு வரும். ரெண்டுலயும் `Asia/Colombo` எண்டு இருக்கா எண்டு ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க.

ராத்தாட கார்டுக்கு வருவம். அவ கட்டின வரிகளத் தொடவேணாம், றிசீட்டோட பொருந்தாமப் போயிரும். கட்டாத வரிகளுக்கு மட்டும் புதுத் தேதி: ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30 இப்பிடி. விடுபட்ட பெப்ரவரித் தவணைய உடனே கேக்காம கடைசித் தவணைக்குப் பிறகு 2027 பெப்ரவரி 28க்குப் போடுங்க, பிழை உங்கட பக்கம்தானே. அவ மார்ச்சிலயே ரெண்டையும் கட்டிட்டா அதுவும் தேவையில்ல, 500 மட்டும்தான். புதுக் கார்டுல அவவும் வாப்பாவும் ரெண்டு பேரும் ஒப்பம் வைக்கணும், பழையதக் கிழிச்சுப் போடாம பின் அடிச்சு வைங்க.