பன்னெண்டு மணிக்கே எல்லாத்தையும் ஆக்கி வச்சுடாதீங்க: பந்திக்கு ஏத்த ஈடு கணக்கு

கேள்வி: அக்கா, அடுத்த மாசம் புது வீட்டு கிரகப்பிரவேசம், மதிய சாப்பாடு 300 பேருக்கு, 11.30ல இருந்து 3 மணி வரைக்கும் ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க. மளிகை எங்களோடது, சமையல்காரருக்கு கூலி மட்டும். அவர் எல்லாத்தையும் காலையிலயே முடிச்சுடுறேன்னு சொல்றாரு. கடைசில வர்றவங்களுக்கும் சாப்பாடு நல்லா இருக்கணும்னா எத்தனை தடவையா ஆக்கச் சொல்லணும், ஒரு தடவைக்கு எவ்ளோ?

பதில்: காலையிலயே முடிக்கிறது அவருக்கு சுலபம்ப்பா, ஆனா பத்தரைக்கு வடிச்ச சாதம் ரெண்டு மணி இலைக்கு வரும்போது அடியில பிசுபிசுன்னும் மேல வறண்டும் போயிருக்கும். வெயில் நாள்னா கெட்டும் போகும், ஏன்னா சமைச்ச சோறு 60 டிகிரிக்குக் கீழ ஆறி மணிக்கணக்கா கிடந்தா அதுல கிருமி பெருக ஆரம்பிச்சுடும். எங்க வீட்டு விசேஷம் ஒன்னுல இப்படித்தான் கடைசி பந்திக்கு சாம்பார் லேசா நுரைச்சுப் போய் வந்துச்சு, வாசனைய வச்சே தெரிஞ்சுபோச்சு, அதுல உக்காந்திருந்தவங்க எல்லாம் காலையில இருந்து நமக்காக ஓடுன சொந்தக்காரங்க, இன்னைக்கும் நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு.

முதல்ல பந்தியைக் கணக்கு பண்ணுங்க, அப்புறம்தான் அரிசி. உங்க இடத்துல ஒரு நேரத்துக்கு 90 பேர் உக்காரலாம், ஒரு பந்தி முடிஞ்சு இலை எடுத்து அடுத்தது போட முக்கால் மணி நேரம்னு வச்சுக்கலாம். 11.30க்கு 60 பேர், 12.15க்கு 90, ஒரு மணிக்கு 80, 1.45க்கு 50, 2.30க்கு 20, மொத்தம் 300. கூட்டம் நடுவுல தான் கூடும், அதனால எல்லா ஈடும் ஒரே அளவா போடக்கூடாது.

கூட்டு பொரியல் எல்லாம் இருக்கிற இலை சாப்பாட்டுக்கு ஒரு கிலோ அரிசி 10 பேருக்கு வரும், அப்போ 30 கிலோ. முதல் ஈடு 8 கிலோ, ரெண்டாவது 10, மூணாவது 7, கடைசி ரெண்டு பந்திக்கும் சேர்த்து 5. முதல் ஈட்டுல 80 பேருக்கு இருக்கும் ஆனா 60 பேர்தான் சாப்பிடுவாங்க, அந்த மிச்சம்தான் அடுத்த ஈடு பத்து நிமிஷம் லேட்டானாலும் பரிமாறுறவர் வெறுங்கையோட நிக்காம காப்பாத்தும். உலை கொதிச்சுட்டே இருந்தா அரிசி போட்டு வடிச்சு எடுக்க சுமாரா 40 நிமிஷம் ஆகும், அதனால சமையல்காரர்கிட்ட ஒன்னே ஒன்னு சொல்லுங்க, ஒரு பந்தி உக்காரும்போதே அடுத்த பந்திக்கான அரிசி உலையில விழணும். இதுக்கு உலைக்குன்னு ஒரு அடுப்பு கடைசி வரைக்கும் எரியணும், கேஸ் சிலிண்டர் ஒன்னு கூடுதலா வாங்கி வைங்க.

முந்தின ஈட்டு சோத்தை முதல்ல தீர்த்துட்டு தான் புதுசைத் திறக்கணும், ரெண்டையும் ஒரே அண்டாவுல கொட்டிக் கலந்தா பழசு புதுசையும் சேர்த்துக் கெடுத்துடும்.

வடை தான் கையைக் கடிக்கும். ஒரு சட்டியில ஒரு ஈட்டுக்கு 25 வடை, ஆறு நிமிஷம்னு வச்சா 90 பேர் பந்திக்கு நாலு ஈடு, கிட்டத்தட்ட 24 நிமிஷம், அதனால பந்திக்கு அரை மணி முன்னாடி எண்ணெய் சூடாகி ரெடியா இருக்கணும். மாவை மொத்தமா அரைச்சு ஐஸ் பெட்டியில வைக்கலாம் ஆனா உப்பை அந்தந்த ஈட்டுக்குத் தான் போடணும், முன்னாடியே போட்டா மாவு தண்ணி விட்டுக்கிட்டு வடை எண்ணெய் குடிக்கும்.

சாம்பாரை ரெண்டு தடவையா வச்சா போதும், பருப்பும் புளிக்கரைசலும் தயாரா இருந்தா ரெண்டாவது ஒரு மணி நேரத்துல ஆயிடும். பொரியலுக்கு காயை நறுக்கி வச்சுட்டு ரெண்டா வதக்கி தேங்காயைக் கடைசில தூவச் சொல்லுங்க. சேமியா பாயாசம்னா நேரம் ஆக ஆக சேமியா பாலை இழுத்து களி மாதிரி ஆயிடும், கொஞ்சம் காய்ச்சின பாலைத் தனியா எடுத்து வச்சு சூடா ஊத்தித் தளர்த்திக்கலாம்.

அந்தக் கடைசி 5 கிலோவை மட்டும் ஒரு மணி வரைக்கும் அளக்கவே விடாதீங்க. மூணாவது பந்தி உக்காந்ததும் வீட்டு ஆள் ஒருத்தர் எத்தனை இலை போச்சுன்னு எண்ணணும். 230 இலை போயிருந்து, இனி வர வேண்டியவங்க 40 பேர்தான்னு தெரிஞ்சா 3 கிலோ போதும், ஏன்னா மூணு ஈட்டுல ஏற்கனவே 20 பேருக்கு சோறு மிச்சம் இருக்கும். மளிகை உங்களோடதுங்கறதால வேகாத 2 கிலோ உங்க வீட்டுக்கே திரும்பி வரும், வெந்துட்டா யார்கிட்ட குடுக்கறதுன்னு நாலு மணிக்கு அலையணும். இதையெல்லாம் முன்பணம் குடுக்கும்போதே பேசிடுங்க, எத்தனை ஈடு, மூணு மணி வரைக்கும் அடுப்புல யார் நிப்பாங்கன்னு ஒரு தாள்ல எழுதிக்கோங்க, மூணு மணி வரை ஆள் நிக்கறதுக்கு அவர் கூலி கொஞ்சம் கூடக் கேட்டா தாராளமா குடுங்க.