உயர ஜீன் கேள்வி-பதில்: ரெண்டு சென்டிமீட்டரும் ஒரு மில்லிமீட்டரும்

கேள்வி: உயரத்துக்கு 12,111 வேரியன்ட் இருக்காமே, அதுல என்கிட்ட எத்தனை இருக்கு?

எல்லாமே இருக்கு. வேரியன்ட்னா ஆளுக்கு ஆள் டிஎன்ஏ எழுத்து மாறுற இடம், 2022ல 54 லட்சம் பேரை வச்சு கண்டுபிடிச்ச இடங்கள் அது, ஒவ்வொரு இடத்துலயும் உங்களுக்கு ஏதோ ஒரு எழுத்து இருந்தே தீரும். ஒண்ணு ஒரு மில்லிமீட்டர் கூட்டும், பக்கத்துல இன்னொண்ணு குறைக்கும், கூட்டிக் கழிச்சு என்ன நிக்குதோ அதுதான் கணக்கு.

கேள்வி: பெருவுல ஒரே வேரியன்ட் 2 சென்டிமீட்டர் குறைக்குதாம். அங்க எல்லாரும் குள்ளமா இருக்குறதுக்கு அதானே காரணம்?

இல்ல. நான் எப்பவும் சொல்றதுதான், நம்பரைப் பார்த்தா ஒரு காப்பிக்கு எவ்வளவு, எந்த மக்கள்கிட்ட அளந்ததுன்னு ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. FBN1 ஜீன்ல இருக்குற E1297G வேரியன்ட் இது, 2020ல லிமாவுல 3,000 பேருக்கு மேல பார்த்து கண்டுபிடிச்சாங்க. ஒரு காப்பி இருந்தா 2.2 செ.மீ. குறையும், ரெண்டு இருந்தா 4.4. இப்ப கணக்கு போடுங்க, ஜீன் ஆளுக்கு அப்பாகிட்ட ஒண்ணு அம்மாகிட்ட ஒண்ணுன்னு ரெண்டு காப்பி, அப்போ 100 பேர்கிட்ட மொத்தம் 200 காப்பி, அதுல இந்த வேரியன்ட் ஒரு 9 காப்பிதான். 9ஐ 2.2ஆல பெருக்கி 100 பேருக்கு பங்கு போட்டா தலைக்கு சுமார் ரெண்டு மில்லிமீட்டர்தான் வருது. அங்க ஆம்பளைங்க சராசரி சுமார் 165, அதை இந்த ரெண்டு மில்லிமீட்டர் விளக்காது. இருக்குறவருக்கு பெரிய விஷயம், ஊருக்கு சின்ன விஷயம், ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை. ஐரோப்பாவுல இது கிட்டத்தட்ட இல்லவே இல்ல, அதனால அங்க எத்தனை லட்சம் பேரை சேர்த்துப் பார்த்தாலும் கண்ணுல பட்டிருக்காது.

கேள்வி: எச்சில் டெஸ்ட் ரா டேட்டாவை ஒரு சைட்ல போட்டேன், FGFR3 ஜீன்ல rs28931614ங்கற வேரியன்ட் ஒரு காப்பி இருக்கு, அகான்ட்ரோபிளேசியாங்கற குள்ளத்தன்மைன்னு வருது. மூணு வாரமா தூக்கமே இல்ல. என் உயரம் 172. என் பிள்ளைக்கு வருமா?

உங்களுக்கு அது இல்ல, நிம்மதியா தூங்குங்க. அந்த வேரியன்ட் ஒரு காப்பி இருந்தாலே அகான்ட்ரோபிளேசியா வந்தே தீரும், ஆம்பளைங்க சராசரி 131 செ.மீ. பக்கம்தான் நிப்பாங்க. 172ல நிக்குற நீங்களே அந்த ரிசல்ட் தப்புங்கறதுக்கு சாட்சி. சுவர்ல நின்னு ஒரு டேப் வச்சிருந்தா போதும், அதை செய்யாம மூணு வாரம் பயந்துட்டு இருந்திருக்கீங்க.

இதைப் பத்தி எத்தனை தடவை எழுதுறதுன்னு தெரியல, ஆனா மாசா மாசம் ஒரு குடும்பம் இப்படி அழுதுட்டு வருது. எச்சில் டெஸ்ட்ல பயன்படுத்துற சிப் உங்க எழுத்தை படிக்கிறதில்ல, ஒளி அளவை அளந்து ஒவ்வொருத்தரையும் ஒரு புள்ளியா வைக்குது, புள்ளிகள் வேரியன்ட் இல்லாதவங்க, ஒரு காப்பி இருக்குறவங்க, ரெண்டு இருக்குறவங்கன்னு மூணு கூட்டமா பிரியும், எந்தக் கூட்டத்துல விழுறீங்களோ அதுதான் உங்க ரிசல்ட். பாதிப் பேருக்கு இருக்குற வேரியன்ட்டுல மூணு கூட்டமும் தெளிவா தெரியும், நம்பலாம். லட்சத்துல ஒருத்தருக்கு இருக்குறதுல ஒரே ஒரு கூட்டம்தான், அதுல இருந்து லேசா விலகுன ஒரு புள்ளியை மெஷின் 'ஒரு காப்பி இருக்கு'ன்னு சொல்லிடும். பிரிட்டன்ல லட்சக்கணக்கானவங்களோட மரபணு சேமிப்பான யுகே பயோபேங்க்ல சிப் டேட்டாவை, எழுத்தை நேரடியா படிக்கிற சீக்வென்சிங்கோட ஒப்பிட்டு 2021ல பார்த்தாங்க, அவ்வளவு அரிய வேரியன்ட்ல சிப் 'இருக்கு'ன்னு சொன்னதுல 100க்கு 16தான் நிஜம்.

உங்க கேஸ்ல டேப் காப்பாத்துச்சு. 2 செ.மீ. மாத்துற அரிய வேரியன்ட்னா உயரத்தை பார்த்து சொல்லவே முடியாது, அப்போ புது சாம்பிள் குடுத்து, அந்த இடத்தை மட்டும் படிக்கிற சாங்கர் சீக்வென்சிங்தான் வழி. நிஜமா ஒரு காப்பி இருந்தா கிராஃப்ல அந்த ஒரே இடத்துல ரெண்டு கலர் பீக் ஒண்ணு மேல ஒண்ணா, கிட்டத்தட்ட பாதி பாதி உயரத்துல நிக்கும். ஒரே பீக்னா சிப் சொன்னது பொய். அதுக்கு முன்னாடி கல்யாணம், குழந்தைன்னு எந்த முடிவும் எடுக்காதீங்க.

கேள்வி: ஐரோப்பாவுல செஞ்ச உயர ஸ்கோரை என் பையனுக்கு போடலாமா?

போட்டுட்டு நம்பாதீங்க. அந்த 12,111 இடத்தையும் கூட்டிப் போட்ட ஸ்கோர் ஐரோப்பிய வம்சாவளிக்கு உயர வித்தியாசத்துல 40 சதவீதம் விளக்குச்சு, அதே ஸ்கோர் மத்தவங்களுக்கு 10ல இருந்து 20க்குள்ளதான் வந்துச்சு. மறுபடியும் அதே பேச்சு: எந்த மக்கள்கிட்ட அளந்தது?

கேள்வி: நானும் கணவரும் நல்ல உயரம், பாப்பாவுக்கு அகான்ட்ரோபிளேசியான்னு சீக்வென்சிங்ல உறுதியாயிடுச்சு. யார் பக்கம் வந்ததுன்னு வீட்ல தினம் சண்டை.

யார் பக்கமும் இல்லம்மா. பத்துல எட்டு குழந்தைங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இது இல்லாத வீட்லதான் பிறக்குறாங்க, விந்தணு உருவாகும்போது புதுசா ஒரே ஒரு எழுத்து மாறுனதால. தாத்தா பாட்டி போட்டோவை புரட்டி எந்த பிரயோஜனமும் இல்ல. அடுத்த குழந்தைக்கு வர்ற வாய்ப்பு 100ல ஒண்ணுக்கும் கீழ, ஆனா முழுசா பூஜ்ஜியம் இல்ல, அதனால அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடியே ஜெனடிக் கவுன்சிலரை பார்த்துடுங்க.