சட்டகாந்தத்தின் உள்ளே புலம் எந்தத் திசையில் இருக்கிறது?

கேள்வி: காந்தத்தின் உள்ளே புலம் வடமுனையிலிருந்து தென்முனைக்கா, தென்முனையிலிருந்து வடமுனைக்கா? இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன்.

பதில்: 'புலம்' என்ற சொல் இரண்டையும் குறிப்பதால்தான் இந்தக் குழப்பம்: காந்தப்பாய அடர்த்தி B தென்முனையிலிருந்து வடமுனைக்கும், காந்தப்புலச் செறிவு H அதற்கு எதிராகவும் இருக்கும்.

காந்தமாக்கம் M எங்கும் சீராக இருந்தால், அடுத்தடுத்த அணுக்களின் நுண்சுழல் மின்னோட்டங்கள் உள்ளே ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, பக்கவாட்டுப் பரப்பில் மட்டும், மீட்டர் நீளத்துக்கு M ஆம்பியர் என்ற அளவில், கட்டுண்ட மின்னோட்டம் எஞ்சுகிறது. எந்த மின்னூட்டமும் காந்தத்தை முழுவதுமாகச் சுற்றி வருவதில்லை. ஆகவே வெப்பமும் உண்டாவதில்லை. ஆயினும் B-ஐப் பொறுத்தவரை காந்தம் ஒரு வரிச்சுருளேதான்.

5 மி.மீ. ஆரமும் 20 மி.மீ. நீளமும் கொண்ட நியோடிமியம் உருளையில் μ₀M = 1.2 டெஸ்லா எனக் கொள்வோம். அதன் பரப்பில் சுற்றும் மின்னோட்டம் ஏறத்தாழ 19,000 ஆம்பியர்! மையத்தில்

B = μ₀M · (L/2) / √(R² + L²/4) ≈ 1.07 டெஸ்லா.

இது 1.2-ஐ விடக் குறைவு என்பதைக் கவனியுங்கள்: H = B/μ₀ − M என்பதால், அங்கே H எதிர்க்குறி பெற்று, சுமார் −1,00,000 ஆம்பியர்/மீட்டர் ஆகிறது.

முனைப்பரப்பின் நடுவில் B ≈ 0.58 டெஸ்லாதான். அப்பரப்பைக் கடக்கும்போது B தொடர்ச்சியாக இருக்க, H மட்டும் M அளவுக்குத் தாவித் திசை மாறுகிறது. குட்டையான காந்தத்தில் இந்த எதிர்ப்புலம் மேலும் வலுப்பதால், அது எளிதில் காந்தத்தன்மையை இழக்கக்கூடும்.