பணவியல் கொள்கைக்கு ஏழு நாள்

"ஐயா, பிளஸ் டூ பொருளியல் தேர்வுக்கு ஏழு நாள்தான் இருக்கிறது. பணவியல் கொள்கை மட்டும் குழப்புகிறது. பள்ளியில் ஆங்கிலம், டியூஷனில் மலையாளம், வீட்டில் தமிழ்ப் புத்தகம். எந்த நாளில் எதைப் படிப்பது?"
- மாணவி, கொழிஞ்சாம்பாறை

முதல் நாள் ஒரே ஒரு தாள் போதும். சி.ஆர்.ஆர். என்றால் ரொக்க இருப்பு விகிதம், எஸ்.எல்.ஆர். என்றால் சட்டப்பூர்வ நீர்ம விகிதம் என்று மும்மொழிப் பெயர்களையும் எதிரெதிரே எழுதுங்கள். எல்லைப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுக்க இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் அந்த இரண்டு விகிதங்கள்தான். முதலாவது, வங்கி ரிசர்வ் வங்கியிடம் வைக்கும் ரொக்கம். அதற்கு வட்டி கிடையாது. இரண்டாவது, ரொக்கமாகவோ தங்கமாகவோ அரசுப் பத்திரமாகவோ வங்கி தானே வைத்திருப்பது.

மூன்றாம் நாள் பணப் பெருக்கிக் கணக்கு. வைப்பு 1,000 ரூபாய், இருப்பு விகிதம் 20 சதவீதம். பலர் 1,000-ஐ 20-ஆல் பெருக்கி 20,000 என்று எழுதிவிடுகிறார்கள். 1-ஐ 0.20-ஆல் வகுத்தால் பெருக்கி 5. மொத்த வைப்பு 5,000. ஒவ்வொரு சுற்றிலும் 20 சதவீதம் இருப்பாக நின்று, மீதி கடனாகப் போய் மறுபடி வைப்பாக வருகிறது. சந்தேகம் வந்தால் 1,000, 800, 640, 512 என்று நான்கு சுற்றுகளைக் கூட்டிப் பாருங்கள்: 2,952. ஒவ்வொரு சுற்றும் சுருங்கிக்கொண்டே போவதால் 20,000 வரவே வராது. விகிதம் 25 ஆனால் மொத்தம் 4,000. விகிதம் ஏறினால் கடன் சுருங்கும் என்பது இங்கேயே கண்ணுக்குத் தெரிகிறது.

நான்காம் நாள் ரெப்போ. வங்கி ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கினால் ரெப்போ, ரிசர்வ் வங்கி வங்கியிடம் வாங்கினால் ரிவர்ஸ் ரெப்போ. இதில் ஒரு விலக்கு உண்டு. வங்கிகளிடம் மிஞ்சும் பணத்தை உறிஞ்சும் வட்டியின் கீழ்வரம்பு இப்போது ரிவர்ஸ் ரெப்போ அல்ல. 2022 ஏப்ரல் முதல் நிலையான வைப்பு வசதி. ரிவர்ஸ் ரெப்போவில் ரிசர்வ் வங்கி பத்திரத்தை ஈடாகக் கொடுக்கும், இதில் கொடுக்காது. ஆனால் ரிவர்ஸ் ரெப்போ ஒழிக்கப்படவில்லை. அதனால் பாடநூல் விடையை முழுதாக எழுதிவிட்டுக் கடைசி வரியில் இதைச் சேருங்கள். பாடநூல் விடையை அடித்துவிட்டு இதை மட்டும் எழுதினால், விடைக்குறிப்பை விட்டு விலகாத திருத்துபவர் மதிப்பெண்ணை வெட்டிவிடுவார்.

ஐந்தாம் நாள் வெளிச்சந்தை நடவடிக்கை. ரிசர்வ் வங்கி பத்திரம் வாங்கினால் பணம் அதன் கையிலிருந்து வெளியே வருகிறது. விற்றால் உள்ளே போகிறது.

ஆறாம் நாள் பழைய வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். ஏழாம் நாள் அதில் வந்த தப்புகளை மட்டும் பாருங்கள்.

பஸ் நிலையத்தருகே விற்கும் "உறுதியாக வரும் வினாக்கள்" தாள் மட்டும் வேண்டாம். "இன்றைய ரெப்போ 6.5" என்று போட்ட நகலை எத்தனையோ பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கி என்னிடம் காட்டியிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியிலேயே அந்த விகிதம் மாறிவிட்டது. நடப்பு விகிதங்கள் ரிசர்வ் வங்கி இணையதள முகப்பிலேயே இருக்கின்றன, காசில்லாமல்.